வங்கி வேலையில இருந்து விலகுற கடிதம் – மனேஜர்ர மனம் கோணாம எப்பிடி எழுதுற?

வாவிக்கரைப்பிள்ளை
எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்புப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில கிளார்க். 2014 பெப்ரவரி 3ல சேந்தன், இப்ப நகை ஈடு கவுண்டர்ல இருக்கன். இவருக்கு கனடா பீஆர் வந்திட்டு, ரெண்டு புள்ளைகளோட பெப்ரவரி 20க்கு டிக்கெட் போட்டாச்சு. எனக்கு நியமனக் கடிதத்துல ரெண்டு மாச நோட்டிஸ் எண்டு கிடக்கு. சனவரி 30 வெள்ளிக்கிழமையோட நிப்பம் எண்டு நினைச்சிருக்கன், அதுக்குப் புறகு மூணு கிழமை சாமான் கட்ட, சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்வர எண்டு.

பிரச்சினை கடிதம் இல்ல, மனேஜர்தான். கொஞ்சம் கடுமையான ஆள் ஆனா எனக்கு நல்லதுதான் செஞ்சிருக்கார், 2022ல பெற்றோல் இல்லாம சனம் லைன்ல நிண்ட நேரம் நான் ஆரையம்பதியில இருந்து பஸ்ஸுக்கு நிண்டு நிண்டு லேட்டாப் போவன், ஒரு நாள் கூட மெமோ தரல்ல, என்ட டைமையே மாத்தி விட்டவர். இப்ப ப்ராஞ்சில ஆள் குறைவு. திடீரெண்டு கடிதத்தை நீட்டினா முகத்தைத் திருப்பிருவாரோ எண்டு பயமா இருக்கு. ஒரு மாதிரிக் கடிதம் இன்டநெட்ல எடுத்தன், அதுல "எனது தொழில்சார் வளர்ச்சிக்காக" எண்டெல்லாம் கிடக்கு, எனக்கே சிரிப்பு வருது. ஆராச்சும் எழுதினாக்கள் இருந்தாச் சொல்லுங்க.

கல்லடிக்காரன்
தங்கச்சி இதுக்குப் போய் ஏன் யோசிக்கிறீங்க. நோட்டிஸ் காலத்துக்குரிய சம்பளத்தைக் கட்டினா நாளைக்கே வெளிக்கிடலாம், சட்டம் அப்பிடித்தான். மறுகா தானா விலகுற ஆளுக்கு கிராட்டுவிட்டி இல்ல, அதால ரிசைன் குடுக்காம ரெண்டு வருசம் நோ பே லீவு கேட்டுப் பாருங்க. அங்க சரிவராட்டித் திரும்பி வரவும் கதவு திறந்து கிடக்கும்.

மண்டூர்_மச்சான்
நானும் இதேதான் கேக்க இருந்தன். எனக்கு கட்டார் கொம்பனி ஒண்டுல ரெண்டு வருச கொன்ராக்ட், மூணு மாச லீவு லெட்டர் எப்பிடி எழுதுற? மனேஜர் சிங்கள ஆள்.

வாவிக்கரைப்பிள்ளை
மச்சான் நான் லீவு கேக்கல்ல, முழுசாவே விலகுறன். @கல்லடிக்காரன் அண்ணன், கிராட்டுவிட்டி இல்லையெண்டா சொல்றீங்க? பன்னிரண்டு வருசம் கிட்ட வேலை செஞ்சிட்டு ஒண்டும் இல்லையா, வயிறு கலங்குது.

ஓய்வெடுத்தவன்
வயிறு கலங்காதீங்க மகள். நான் வங்கியில கிளார்க்காத் தொடங்கி மனேஜரா இருந்து ஓய்வு பெற்றவன், கடைசிப் பத்து வருசம் அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டக் கிளைகள்தான். இப்பிடிக் கடிதங்கள் என்ட மேசைக்கு எத்தினையோ வந்திருக்கு.

முதல் கிராட்டுவிட்டி. அது 1983ம் ஆண்டு 12ம் இலக்கச் சட்டம். அஞ்சு வருசம் முடிச்சிருந்தா தானா விலகினாலும் உண்டு, நீக்கினாலும் உண்டு, செத்தா வாரிசுக்கும் உண்டு. களவு, மோசடி எண்டு வந்தாத்தான் அந்த நட்டத்தின்ட அளவுக்குப் பிடிக்கலாம். மாசச் சம்பளக்காரருக்கு, முடிச்ச ஒவ்வொரு வருசத்துக்கும் கடைசிச் சம்பளத்துல அரை மாசம். முடிச்ச வருசம் எண்ட சொல்லைக் கவனிங்க, ஏனெண்டா உங்கட கேள்வியில ஒரு பெரிய ஓட்டை கிடக்கு. 2014 பெப்ரவரி 3ல சேந்த ஆள் 2026 சனவரி 30ல நிண்டா முடிச்சது பதினொரு வருசந்தான். மூணு நாள் கூட நிண்டா பன்னிரண்டு! உங்கட அடிப்படைச் சம்பளமும் வாழ்க்கைச் செலவுப் படியும் சேத்து எவ்வளவு? ஓவர்டைம், போனஸ் இதுல சேராது.

வாவிக்கரைப்பிள்ளை
ஐயா ரெண்டும் சேத்தா 92,000.

ஓய்வெடுத்தவன்
அப்ப அரை மாசம் 46,000. பதினொரு வருசத்துக்கு 506,000, பன்னிரண்டுக்கு 552,000. மூணு நாளுக்கு 46,000 ரூபாயை விட்டிட்டுப் போகப் பாத்தீங்க. பெப்ரவரி 6 வெள்ளி வரைக்கும் நில்லுங்க. இடையில 4ம் தேதி சுதந்திர தினம் லீவு, உண்மையில நீங்க கூட வேலை செய்யிறது நாலு நாள்தான். அதுக்குப் புறகும் டிக்கெட்டுக்கு ரெண்டு கிழமை கிடக்கு.

இதை மனேஜருக்கிட்டச் சொல்லும்போது கிராட்டுவிட்டிக்காக எண்டு சொல்லத் தேவையில்ல, அது அவருக்கும் தெரியும். "சேர், புது ஆளுக்குப் பழக்கிக் குடுக்க ஒரு கிழமை கூட நிக்கிறன்" எண்டு சொல்லுங்க, அதுவும் உண்மைதானே.

கல்லடிக்காரன்
சரி ஐயா கிராட்டுவிட்டி விசயத்துல நான் பிழை, ஒத்துக்கிறன். எங்கட மாமாவுக்கு இல்லையெண்டு சொன்னாங்களே.

ஓய்வெடுத்தவன்
மாமா அஞ்சு வருசம் முடிச்சிருக்க மாட்டார். இல்லாட்டி பதினஞ்சு பேருக்குக் குறைஞ்ச சின்ன இடமா இருந்திருக்கும், அந்தச் சட்டம் பதினஞ்சு பேரும் மேலயும் வச்சிருக்கிற இடங்களுக்குத்தான். நோட்டிசுக்குச் சம்பளம் கட்டி வெளிக்கிடலாம் எண்டது பாதி சரி, நியமனக் கடிதத்துல அந்த வரி இருந்தாச் செய்யலாம். ஆனா இந்தப் புள்ள கேக்கிறது மனேஜர்ர மனம் கோணக்கூடாது எண்டு. நாளைக்கே வெளிக்கிட்டா மனம் எங்கால நிக்கும்?

நோ பே லீவு அதை விடப் பிழை. திரும்பி வாறதில்ல எண்டு தெரிஞ்சுகொண்டு லீவு கேட்டா, ரெண்டு வருசத்துக்கு மனேஜருக்கு ஒரு ஆள் குறைவு, புது ஆள் கேக்கவும் ஏலா, ஏனெண்டா லிஸ்டுல உங்கட பேர் நிக்குது. அந்தக் கோபம் விலகுற கோபத்தை விடப் பெரிசு.

இனிக் கடிதம். மனேஜர் முகத்தைத் திருப்புறது கடிதத்தின்ட வசனத்தால இல்ல, வழியால. எங்கட வங்கிகள்ல விலகல் கடிதம் தலைமையகத்து மனிதவளப் பிரிவுக்குத்தான் எழுதுற, ஆனா "ஊடாக: முகாமையாளர்" எண்டு போடணும். அந்த ஊடாக எண்ட சொல்லுலதான் எல்லாம் கிடக்கு. கடிதம் முதல் மனேஜர்ர மேசைக்கு வரும், அவர் கீழ ரெண்டு வரி தன்ட கைப்பட எழுதித்தான் மேல அனுப்புவார், விலகலை ஏற்கலாம், இந்தத் திகதியில விடுவிக்கலாம், பதிலுக்கு ஒரு ஆள் தேவை எண்டு. உங்கட பைல்ல கடைசியா ஏறுற சொல் அவர்ர சொல்தான். இப்பத்தப் பிள்ளைகள் மனிதவளப் பிரிவுக்கு நேர ஈமெயில் அடிச்சிட்டு மனேஜருக்கு ஒரு பிரதி போடுறாங்க. அது வீட்டுக்கார ஆளை விட்டிட்டு வேலியால போற மாதிரி. எனக்கே ஒருக்கா அப்பிடி நடந்தது, என்ட கிளையில ஆள் விலகுறத பிராந்திய அலுவலகத்துல இருந்து போன் பண்ணிக் கேட்டாங்க, எனக்கு ஒண்டும் தெரியாது. அண்டைக்கு நான் வெக்கப்பட்ட மாதிரி எண்டைக்கும் படல்ல. அந்தப் பொடியன் நல்ல வேலைக்காரன்தான், ஆனா அவன்ட கடிதத்துல நான் நல்லா ரெண்டு வரி எழுதல்ல, உண்மையச் சொல்றன்.

சம்மாந்துறை_நானா
அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். ஐயா செல்றது நூத்துக்கு நூறு. நான் வேற வங்கி, 2019ல விலகி சவூதி போன ஆள். கடிதமெல்லாம் ஒழுங்காத்தான் குடுத்த, ஆனா ஸ்டாப் ஹவுசிங் லோனை மறந்து போன. ஸ்டாப்புக்கு வட்டி குறைவுதானே, விலகின மாசத்துல இருந்து அது சாதாரண கஸ்டமர்ர வட்டிக்கு மாறிட்டு, தவணை ரெண்டு மடங்கு மாதிரி, ஊட்ட இருந்த பொஞ்சாதி போன்ல அழுகுறா. மனேஜர் கோபப்பட்டதும் அதாலதான், முன்னுக்கே செல்லியிருந்தா மேல கேட்டு கொஞ்ச டைம் எடுத்துத் தந்திருப்பன் எண்டார். தங்கச்சி உங்களுக்கு லோன் இரிக்கா?

வாவிக்கரைப்பிள்ளை
ஹவுசிங் லோன் இல்ல நானா. டிஸ்ட்ரஸ் லோன் ஒண்டு மிச்சம் கிடக்கு, மறுகா பண்டிகை அட்வான்ஸ் ரெண்டு தவணை. சனவரிக்குள்ள கட்டி முடிச்சிருவன். ஆனா ரெண்டு ஸ்டாப்புக்கு நான் பிணை நிண்டிருக்கன், அது இப்பதான் ஞாபகம் வருது!!

ஓய்வெடுத்தவன்
நல்ல காலம் ஞாபகம் வந்தது. அதுதான் கடைசி நாள்ல ஆளை நிப்பாட்டுற விசயம். நீங்க விலகினா அந்த ரெண்டு பேரும் வேற பிணை காட்டணும், அவங்களுக்கு இப்பவே சொன்னாத்தான் ஆள் தேடலாம். ஆனா மனேஜருக்குச் சொல்ல முதல் அவங்களுக்குச் சொல்லிராதீங்க, கதை அவருக்கு முதல் போய்ச் சேந்திரும்.

வாயால சொல்றதுதான் முதல், கடிதம் ரெண்டாவது. காலம்பற சனம் நிறைஞ்ச நேரம் வேணாம். பின்னேரம் கவுண்டர் மூடி, காசு பெலன்ஸ் ஆனதுக்குப் புறகு கதவைத் தட்டுங்க. உக்காந்து சொல்லுங்க. கடிதத்தைக் கையில கொண்டுபோகாதீங்க, கொண்டுபோனா கதை முடிஞ்சிது எண்டு அர்த்தம், கடைசி நாளைப் பத்தி அவர்ர யோசனையைக் கேட்டிட்டுத்தான் திகதி போடுறீங்க எண்டு அவருக்குத் தெரியணும்.

நீங்க ஈடு கவுண்டர் எண்டீங்க. பெட்டகச் சாவி உங்கட கையிலயா?

வாவிக்கரைப்பிள்ளை
ஓம் ஐயா, ரெண்டு சாவியில ஒண்டு என்ட, மற்றது செகண்ட் ஒபிசர்ர. பொதி ஒரு அறுநூறு கிட்ட வரும்.

ஓய்வெடுத்தவன்
அப்ப மனேஜருக்கு உண்மையான தலையிடி அதுதான், நீங்க போறது இல்ல. அறுநூறு பொதியையும் புது ஆள் ஒவ்வொண்டா எடுத்து, நம்பர், முத்திரை, நிறை, புத்தகத்தோட சரியா எண்டு பாத்துக் கையெழுத்து வைக்கணும். கடைசி நாள் பின்னேரம் ரெண்டு மணித்தியாலத்துல சாவியைக் குடுத்திட்டுப் போனா, ஆறு மாசத்துக்குப் புறகு ஒரு சங்கிலி ரெண்டு கிராம் குறைஞ்சா நீங்க டொரண்டோவுல, மனேஜர் இஞ்ச ஓடிட்டருக்கு முன்னால. நல்ல பேரும் போகும் உறவும் போகும்.

கணக்குப் பாருங்க. டிசம்பர் 31 வருசக் கணக்கு மூடுற, அந்த மாசம் ஒண்டும் நடவாது. சனவரி 5 திங்கள் தொடங்கி 23 வெள்ளி வரைக்கும் பதினஞ்சு வேலை நாள், பொங்கலைக் கழிச்சாப் பதினாலு. ஒரு நாளைக்கு நாப்பது, நாப்பத்தஞ்சு பொதி, கவுண்டர் மூடின புறகு ஒண்டரை மணித்தியாலம். மிச்ச ரெண்டு கிழமை புது ஆள் சாவி வச்சிருக்க, நீங்க பக்கத்துல நிண்டு காட்டிக் குடுக்கிறது. பிழை ஏதும் கிடந்தா நீங்க இருக்கக்குள்ளயே வெளிய வரும். கடிதத்துல இந்தத் திகதியைப் போடுங்க, நன்றி மாலை நூறு வரி எழுதுறதை விட அந்த ஒரு திகதி அவருக்குப் பெரிசு.

ஆரையம்பதி_அக்கா
குறுக்க வாறதுக்கு மன்னிக்கணும், நான் ஒரு கொம்பனியில சம்பளப் பிரிவு. ஈபீஎப் பத்தி ஒருத்தரும் சொல்லல்லயே. பொம்பிளைகளுக்கு 50 வயசுலதான் எடுக்கலாம் எண்டு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா நாட்டை விட்டு நிரந்தரமாப் போறதுக்கும் எடுக்கலாம், பீஆர் விசா கொப்பி காட்டணும். சும்மா வேர்க் விசா, ஸ்டூடன்ட் விசாவுக்குத் தரமாட்டாங்க. K படிவம் நிரப்பி தொழில் அலுவலகத்துக்குக் குடுக்கிறது, அதுல வேலைசெஞ்ச இடத்தின்ட கையெழுத்தும் வேணும், பாருங்க அங்கயும் மனேஜர்ட கைதான்.

மற்றது பேர். எங்கட பக்கம் இதுதான் பெரிய வில்லங்கம். ஈபீஎப்ல ஒரு எழுத்து, அடையாள அட்டையில ஒரு எழுத்து, பாஸ்போட்டுல புருசன்ட பேர். தங்கச்சி கல்யாணத்துக்கு முதலே சேந்ததா?

வாவிக்கரைப்பிள்ளை
ஓம் அக்கா, கல்யாணம் 2016ல. பாஸ்போட்டுல அவர்ர பேர், வங்கியில அப்பாட பேர்.

ஆரையம்பதி_அக்கா
அப்ப அதை இப்பவே தொடங்குங்க, கல்யாணச் சான்றிதழ் கொப்பி வச்சு. ஈடிஎப்பும் அப்பிடித்தான், வேலையை விட்டதும் கேக்கலாம். கடிதத்துல "நிரந்தரமாகக் குடியேற" எண்டு போட்டா, நீங்க காட்டப்போற விசாவும் கடிதமும் ஒரே கதை சொல்லும். சும்மா "தனிப்பட்ட காரணம்" எண்டு எழுதாதீங்க.

கல்லடிக்காரன்
நாட்டுப் பேர், விசா நம்பர் எல்லாம் போடணுமா அப்ப?

ஓய்வெடுத்தவன்
வேணாம். குடும்பத்தோட வெளிநாட்டுல நிரந்தரமாக் குடியேறுறது எண்டு ஒரு வரி போதும். கனடா வாழ்க்கை, புள்ளைகள்ட எதிர்காலம் எண்டு நீட்டினா, வாசிக்கிற ஆளுக்கு இஞ்ச வாழ ஏலாம ஓடுற மாதிரித்தான் தெரியும். குறை ஒண்டும் எழுதாதீங்க, ஆள் காணாது, புரமோசன் தரல்ல எண்டு. அந்தக் கடிதம் பைல்ல கிடக்கும், ரெண்டு வருசத்தால அங்க ஒரு வங்கி உங்களைப் பத்தி விசாரிச்சா எடுக்கிறது அந்த பைலைத்தான்.

நன்றி எழுதலாம், ஆனா மனேஜருக்கு வாழ்த்துப்பா பாடாதீங்க. தலைமையகம் வாசிக்கிற கடிதம், கூடப் பாடினா அவருக்கே கூச்சம். நடந்த ஒரு விசயத்தைச் சொல்லுங்க, நீங்க சொன்னீங்களே பெற்றோல் கதை, அது நல்லா இருக்கு. நான் தமிழ்ல எழுதிப் போடுறன், உங்கட கிளையில இங்கிலீசு எண்டா அதே ஒழுங்குல அடியுங்க.

> 01.12.2025
>
> தலைவர், மனிதவளப் பிரிவு, தலைமை அலுவலகம்.
>
> ஊடாக: முகாமையாளர், ............ கிளை.
>
> பதவி விலகல்
>
> 03.02.2014 முதல் வங்கியில் எழுதுவினைஞராகக் கடமையாற்றி வருகிறேன். குடும்பத்துடன் வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறவிருப்பதால் பதவியிலிருந்து விலகுவதை இத்தால் அறியத்தருகிறேன். நியமனக் கடிதத்தில் உள்ள இரண்டு மாத முன்னறிவித்தலுக்கு அமைய, 06.02.2026 எனது இறுதிக் கடமை நாளாக அமைய அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> எனது பொறுப்பிலுள்ள ஈட்டுப் பொதிகளையும் பெட்டகச் சாவியையும், முகாமையாளர் குறிப்பிடும் உத்தியோகத்தருடன் 05.01.2026 தொடக்கம் சரிபார்த்து 23.01.2026 அன்று ஒப்படைப்பேன். ஊழியர் கடன் நிலுவையை இறுதி நாளுக்கு முன் தீர்ப்பேன். நான் பிணை நின்ற இரு கடன்களுக்கும் மாற்றுப் பிணை பெறுவது பற்றி முகாமையாளருடன் கலந்துரையாடியுள்ளேன்.
>
> 2022இல் எரிபொருள் இல்லாத மாதங்களில் எனது கடமை நேரத்தை மாற்றித் தந்து, ஒரு நாளும் தவறாமல் கடமையாற்ற வழிசெய்த முகாமையாளருக்கும் கிளையின் சக ஊழியருக்கும் நன்றி.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம், பெயர், ஊழியர் இலக்கம்)

ரெண்டு பிரதி எடுங்க, ஒண்டுல கிளை முத்திரையும் திகதியும் வாங்கி வீட்ட வைங்க. நோட்டிஸ் எண்ணுறது அந்தத் திகதியில இருந்து. பதில் வராம பெப்ரவரி வந்தா கேளுங்க, ஏற்றுக்கொண்ட கடிதம் கைக்கு வராம பிளேன் ஏறாதீங்க, சிலபேருக்கு வேலையைக் கைவிட்டுப் போனதா எழுதி விட்டிருக்காங்க.

சம்மாந்துறை_நானா
ஐயா ஒரு சந்தேகம். எனக்கு கிராட்டுவிட்டிய லோனுக்குப் பிடிச்சிட்டுத்தான் மிச்சம் தந்த. சட்டத்துல அப்பிடிப் பிடிக்க ஏலுமா?

ஓய்வெடுத்தவன்
லோன் எடுக்கக்குள்ள கையெழுத்து வச்ச தாள்ல என்ன கிடக்கெண்டு பாக்கணும் தம்பி. எங்கட வங்கியில அப்பிடி ஒரு சம்மதம் முன்னுக்கே வாங்குவாங்க.

ஆரையம்பதி_அக்கா
அப்பிடிச் சம்மதம் வாங்கினாலும் செல்லாது எண்டு எங்கட சட்டத்தரணி சொன்னவர். கிராட்டுவிட்டி முப்பது நாளுக்குள்ள முழுசாக் குடுக்கணும், பிந்தினா மேலதிகமாக் கட்டணும், அது நிச்சயம். பிடிக்கிற விசயம் ஆளுக்கு ஆள் ஒவ்வொண்டு சொல்றாங்க.

கல்லடிக்காரன்
தொழில் அலுவலகத்துல கேட்டுப் பாக்கலாம் நானா, 2019 எண்டா பிந்திட்டோ தெரியா.

வாவிக்கரைப்பிள்ளை
எல்லாருக்கும் நன்றி, நேத்துப் பின்னேரம் போய்ச் சொல்லிட்டன். கவுண்டர் மூடி காசு பெலன்ஸ் ஆன புறகுதான். கை நடுங்கிச்சு. அவர் கொஞ்ச நேரம் ஒண்டும் பேசல்ல, மறுகா கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு, "பொதி எத்தினை கிடக்கு?" எண்டார். அறுநூற்றுப் பதிமூணு எண்டன். சனவரி 5 தொடங்கி 23க்குள்ள பாத்து முடிப்பம் சேர் எண்டு நாப்பத்தஞ்சு நாப்பத்தஞ்சாப் பிரிச்சு எழுதின தாளைக் குடுத்தன். பாத்திட்டு, பொங்கலுக்கு அடுத்த நாள் நீ லீவு கேப்பாய்தானே, அதையும் கழிச்சுப் போடு எண்டார். ஐயா, நீங்க சொன்ன அந்தப் பதினாலு நாள் இப்ப பதிமூணு. ஒரு நாளைக்கு நாப்பத்தெட்டுப் பொதி பாக்கணும்.

கடைசி நாள் 6 எண்டதும் கலண்டரைப் பாத்துச் சிரிச்சார், "பன்னிரண்டு முடியுது, என்ன" எண்டார். நான் ஒண்டும் சொல்லல்ல. கடிதம் டிசம்பர் 1 திங்கள் தாறன் எண்டிருக்கன்.

மண்டூர்_மச்சான்
நல்லது தங்கச்சி. என்ட லீவு லெட்டர் எண்டா இன்னும் கிடக்கு, அதுக்கும் "ஊடாக" போடணுமா?

ஓய்வெடுத்தவன்
போடணும் மச்சான். ஆனா ரெண்டு வருசக் கொன்ராக்டுக்கு மூணு மாச லீவு எப்பிடிக் காணும், அதை முதல் சொல்லுங்க.